மாவடுவுக்கு யார் பொறுப்பு?

அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 விழுக்காடாக்கியது. அன்று தொடங்கிய ஒப்பாரி நம் தொலைக்காட்சி விவாதங்களில் இன்னும் ஓயவில்லை. நவம்பரிலேயே பல மசாலாப் பொருட்களுக்கும் தேயிலைக்கும் விலக்கு வந்தது. அதற்குப் பிறகும் வரிக் கணக்கு மாறிக்கொண்டே இருந்தது. ஒப்பாரியின் சுருதி மட்டும் மாறவில்லை. இப்போது அது மின்னஞ்சல் வழியாக என் வீட்டுக்கும் வந்துவிட்டது.

அனுப்பியவன் என் தம்பி மகன். டாலஸ் பக்கம் கணினி வேலையில் இருக்கிறான். வேலையை விட்டுவிட்டு, அங்குள்ள நம்மூர்க் குடும்பங்களுக்காக ஒரு மளிகைக் கடை வைக்கப்போகிறான். திட்ட அறிக்கை 22 பக்கம். அதில் 9 பக்கம் வரிதான்: வரி ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, வண்ண வண்ண வரைபடங்களோடு. சரக்கு எங்கிருந்து, எப்படி வரும் என்பதற்கு இரண்டே வரி: “சரக்கு தமிழ்நாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கப்படும். உரிமம் முதலியவற்றை ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்.”

எனக்கு எரிச்சல் வந்தது இந்த இரண்டாவது வரியில்தான்.

அமெரிக்காவில் 2011-இல் உணவுப் பாதுகாப்பு நவீனமயச் சட்டம் வந்தது. அதன் கீழ், வெளிநாட்டு விநியோகிப்பாளரைச் சரிபார்க்கும் விதி என்று ஒன்று உண்டு. தொழிலில் இருப்பவர்கள் அதை எஃப்.எஸ்.வி.பி. என்பார்கள். 2017 மே 30 முதல் அது நடைமுறைக்கு வரத் தொடங்கியது. சரக்கு துறைமுகத்துக்குள் நுழையும் நேரத்தில் அது அமெரிக்காவில் யாருக்குச் சொந்தமோ, யார் அதை வாங்க ஒப்புக்கொண்டிருக்கிறாரோ, அவர்தான் இந்த விதியின் கண்ணில் இறக்குமதியாளர். ஏஜென்ட் படிவத்தை நிரப்பிக் கொடுப்பார். ஆனால் அந்தப் படிவத்தில் இறக்குமதியாளர் என்ற இடத்தில் ஏறுவது கடைக்காரரின் பெயரும் மின்னஞ்சலும் அடையாள எண்ணும்தான். நியூ ஜெர்சியிலோ சிகாகோவிலோ உள்ள மொத்த வியாபாரியிடம் வாங்கினால் இந்தச் சுமை அந்த மொத்த வியாபாரியின் தலையில். “நடுவில் இருப்பவரை வெட்டிவிட்டால் லாபம்” என்று திட்டத்தில் எழுதியிருக்கிறான். நடுவில் இருப்பவரை வெட்டினால் அவர் சுமந்த பொறுப்பும் சேர்ந்து இவன் மடியில் விழும் என்று எழுதவில்லை.

சுமை என்ன என்பதை அவனுடைய முதல் கன்டெய்னர் பட்டியலை வைத்தே பார்க்கலாம். ஈரோட்டு மஞ்சள்தூள், மதுரையில் ஒரு வீட்டுத் தயாரிப்பாளரின் மாவடு, கூட்டுப் பெருங்காயம், எள்ளுருண்டை, ஹிண்டாலியம் வாணலி.

மஞ்சள்தூளில் என்ன ஆபத்து வரக்கூடும் என்று அவன் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். இரண்டு பெயர்கள் கட்டாயம் இருக்கும்: சால்மொனெல்லா கிருமி, ஈயம். அரைக்கும் ஆலை இவற்றை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று பார்த்து அந்த ஆலையை அங்கீகரிக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும் நேரடித் தணிக்கையோ, தொகுதி வாரியாக ஆய்வகச் சோதனையோ, ஆலையின் பதிவேடுகளைச் சரிபார்ப்பதோ, எது பொருத்தம் என்று முடிவுசெய்து அதற்கான காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். இதையெல்லாம் செய்பவர் அதற்கான படிப்போ அனுபவமோ உள்ளவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும், ஒவ்வொரு ஆலைக்கும் இது தனித்தனி. அதிகாரி வந்து கேட்கும்போது கோப்பு இல்லையென்றால் முதலில் எச்சரிக்கை வரும். திருந்தாவிட்டால் இறக்குமதி எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் ஏறும். அதன்பின் வரும் சரக்கைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நிறுத்திவைப்பார்கள். கன்டெய்னர் துறைமுகத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும்.

மாவடுவுக்கு வேறு கதை. புளிப்புச் சேர்த்துப் பதப்படுத்தி மூடிய ஜாடியில் வரும் காய்கறி, பழங்களில் ஈரப்பதம் ஒரு வரம்புக்கு மேல் இருந்தால், அதன் பி.எச். அளவு 4.6-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் பாட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். அதனால் தயாரிக்கும் இடத்தை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். தயாரிப்பு முறையை ஒவ்வொரு ஜாடி அளவுக்கும் தாக்கல் செய்ய வேண்டும். மாவடு புளிப்பு சேர்த்ததா, உப்புநீரில் தானே புளித்ததா என்று வாதாடலாம். தானே புளித்தது என்றால் அந்த விதி பொருந்தாது. ஆனால் அதை நிரூபிக்கும் தாள் மதுரைக்கார அம்மாவிடம் இருக்காது. அவரிடம் இருப்பது கைப்பக்குவம். கைப்பக்குவத்தைத் தாக்கல் செய்யப் படிவம் கிடையாது.

பெருங்காயத்தை நானே வீட்டில் எடுத்துப் பார்த்தேன். டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில், ஒட்டும் பிசின், கோதுமை மாவு, பெருங்காயம் என்று வரிசையாக இருக்கிறது. கோதுமை அமெரிக்காவில் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள். பெருங்காய டப்பாவில் அதை எழுதிவிடுவார்கள். அந்தப் பெருங்காயத்தைப் போட்டு அரைத்த சாம்பார் பொடியின் உறையில் “பெருங்காயம்” என்று மட்டும் இருந்தால் போதாது; கோதுமை என்பதும் இருந்தாக வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் அந்தப் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்ந்துவிட்டது. எள்ளுருண்டையில் எள் இருக்கிறது என்று எழுதுவது நமக்குச் சிரிப்பாக இருக்கலாம். எழுதாத பொட்டலத்தைத் திரும்பப் பெறச் சொல்வார்கள். வாணலியைப் பற்றியும் ஒரு வார்த்தை: சில இறக்குமதிப் பாத்திரங்களிலிருந்து உணவில் ஈயம் கசியக்கூடும் என்று 2025 ஆகஸ்டில் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. அதில் ஹிண்டாலியத்தின் பெயரும் இருந்தது. மளிகைக் கடையின் கடைசி அலமாரிக்கும் சட்டம் எட்டும்.

“சிறு இறக்குமதியாளருக்குச் சலுகை உண்டு பெரியப்பா” என்றான் தொலைபேசியில். உண்டு, மறுக்கவில்லை. உணவு விற்பனை மூன்றாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குள் இருந்தால், ஆபத்து ஆய்வு வேண்டாம். விநியோகிப்பாளரிடம் எழுத்தில் ஓர் உறுதிமொழி வாங்கி, இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். பணவீக்கத்துக்கு ஏற்ப வரம்பு கொஞ்சம் கூடும். ஆனால் கணக்கில் வருவது இறக்குமதிச் சரக்கு மட்டும் அல்ல. உள்ளூரில் வாங்கி விற்கும் பாலும் தயிரும் வெண்டைக்காயும் சேர்த்து, விற்கும் உணவு அத்தனையும். அவன் திட்டப்படி மூன்றாம் ஆண்டில் நாளுக்கு 4,000 டாலர் விற்பனை. ஆண்டுக்கு 14.6 லட்சம். சில ஆண்டுகளில் சராசரியும் அங்கே போய்விடும். கடை ஓடாதவரை சலுகை. ஓடத் தொடங்கினால் சலுகை போய்விடும். இப்படி ஒரு சலுகையை நம்பித் திட்டம் போடுகிறவனை என்ன சொல்ல? அதோடு, உறுதிமொழித் தாள் மஞ்சளில் உள்ள சால்மொனெல்லாவைக் கொல்லாது. சோதனையில் கிருமி தெரிந்தால் சிறியவர் சரக்கும் பெரியவர் சரக்கும் ஒன்றுதான்.

இங்கேதான் வழக்கமான கூட்டம் கிளம்பும். “இதெல்லாம் நம் உணவை மட்டம் தட்டும் சதி, நம் பாட்டி சாப்பிடாத மஞ்சளா?” என்பார்கள். இவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. நியூயார்க் மாநகரச் சுகாதாரத் துறை 2008 முதல் 2017 வரை, 41 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,500 மசாலா மாதிரிகளைச் சோதித்தது. பாதிக்கு மேற்பட்டவற்றில் ஈயம் தென்பட்டது. 30 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கைத் தாண்டியது. முக்கியமானது அடுத்த வரி. அமெரிக்கக் கடைகளில் வாங்கியதைவிட, ஊரிலிருந்து வாங்கிக்கொண்டுவந்த மசாலாவில்தான் சராசரி ஈயம் மிகக் கூடுதல். அதாவது, பெட்டியில் துணிக்கு நடுவே பாசத்தோடு சுருட்டி எடுத்துப்போகும் பொடி, கடைப் பொடியைவிட ஆபத்தானது. அந்த மாதிரிகளில் பல, ஈயப் பாதிப்பு விசாரணை நடந்த வீடுகளில் எடுத்தவைதானே என்பார்கள். இருக்கட்டும். அந்த வீடுகளில் இருந்ததும் நம் பொடிதானே?

ஈயம் எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மங்கிய கிழங்குக்கு மஞ்சள் பளபளப்பு ஏற்ற, ஈயக் குரோமேட் என்ற சாயத்தைப் பூசுகிறார்கள். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பார்க்க அழகாக இருப்பதுதான் அதன் வேலையே. வங்கதேசத்தில் 2019-இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்தது. அரசு சந்தைகளில் சோதனை நடத்தி, அபராதம் போட்டு, மக்களிடம் எடுத்துச் சொன்னது. 2021-இல் அது பூஜ்ஜியமானது. பாட்டியின் பெயரைச் சொல்லி அங்கே யாரும் அதைத் தடுக்கவில்லை. ஆய்வகக் கருவியும் அபராதச் சீட்டும் இரண்டே ஆண்டில் சாதித்ததை நம் ஏற்றுமதி விழா மேடைகள் இருபது ஆண்டுகளில் சாதிக்கவில்லை.

வரிதான் எல்லாம் என்று முழங்கும் ஏற்றுமதிச் சங்கத்தாரை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வரி எல்லாக் கடைக்கும் ஒன்றுதான். பக்கத்துக் கடைக்காரரும் அதைத்தான் கட்டுகிறார். இருவரும் பொட்டலத்துக்கு அரை டாலர் ஏற்றிவிட்டு வியாபாரத்தைப் பார்ப்பார்கள். கோப்பு இல்லாமல் துறைமுகத்தில் நிற்கும் கன்டெய்னரின் செலவை எந்தப் பொட்டலத்தில் ஏற்றுவது?

ஆகவே பையனுக்கு நான் எழுதி அனுப்பியது இது. முதல் ஆண்டு ஒரு பொருளையும் நேரடியாக இறக்காதே. இறக்குமதியாளராக ஏற்கெனவே கோப்பு வைத்திருக்கும் மொத்த வியாபாரியிடம் வாங்கு. விலைச்சீட்டில் தொகுதி எண் இருக்கட்டும், திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் எந்த அலமாரி என்று பத்து நிமிடத்தில் தெரிய வேண்டும். ஒவ்வாமைப் பட்டியலோடு ஒவ்வொரு உறையையும் ஒப்பிட்டுப் பார். இரண்டாம் ஆண்டில் இரண்டே பொருள்: ஒரு மஞ்சள் ஆலை, ஒரு மிளகு ஆலை. ஒவ்வொரு தொகுதிக்கும் கப்பல் ஏறும் முன்பே ஈயத்துக்கும் சால்மொனெல்லாவுக்கும் சோதனை. மாவடு கடைசியில் வரட்டும், அந்த மதுரை அம்மாவுக்குப் பதிவு செய்து கொடுக்கும் தெம்பு உனக்கு வந்த பிறகு.

“அப்படியானால் அந்த 9 பக்கம்?” என்று கேட்டான். கிழித்துப் போடச் சொன்னேன். யார் எந்தப் பொருளுக்குப் பொறுப்பு என்று ஒரே பக்கம் எழுதிவைத்திருக்கும் கடை எந்த வரியையும் தாங்கும். அந்தப் பக்கம் இல்லாத கடைக்கு வரியே இல்லையென்றாலும் ஆயுசு மூன்று கன்டெய்னர்தான்.