சேமிப்புச் சலுகையை வருமானத்தில் அல்ல, வரியில் கழிக்க வேண்டும்

வருமான வரியின் பழைய முறையில் 80சி பிரிவு தரும் சேமிப்புச் சலுகை, வருமானக் கழிவாக இருப்பதை விட்டு வரித் தள்ளுபடியாக மாற வேண்டும் என்பது மாதச் சம்பளக்காரர்களாகிய எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு. யார் சேமித்தாலும், சேமித்த தொகையில் 20 சதவீதம் அவர் கட்ட வேண்டிய வரியில் குறையட்டும் என்கிறோம். எங்கள் உறுப்பினர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குவோருக்கு இதனால் இழப்பு உண்டு. அதை அவர்களிடம் மறைக்காமல் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் இந்த முடிவுக்கு வந்தோம். அந்தக் கணக்கையே இங்கே பொதுமக்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். தமிழில் இவை எல்லாவற்றுக்கும் ‘வரி விலக்கு’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். ‘ஒன்றரை லட்சம் வரை வரி விலக்கு’ என்று படிக்கும் புதிய ஊழியர், ஒன்றரை லட்சம் ரூபாய் வரி மிச்சமாகும் என்று நினைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் பாலிசியில் கையெழுத்துப் போடுகிறார். அவருக்குக் கிடைப்பது கழிவு. வரி போடுவதற்கு முன்னால் அந்தத் தொகையை வருமானத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். மிச்சமாவது அந்தத் தொகையல்ல, அந்தத் தொகைக்கு விழுந்திருக்கும் வரி மட்டுமே. தள்ளுபடி இதற்கு நேர்மாறான இடத்தில் வருகிறது. வரியைக் கணக்கிட்டு முடித்த பிறகு, அந்த வரியிலேயே குறைப்பது தள்ளுபடி. அதில் ஆயிரம் ரூபாய் என்றால், வரி இருக்கும் எவருக்கும் ஆயிரம் ரூபாய்தான்.

சந்தேகம் வந்தால் படிவம் 16-ஐ எடுத்துப் பாருங்கள். ‘வரிக்குரிய வருமானம்’ என்ற வரிக்கு மேலே இருப்பது கழிவு, ‘வருமானத்தின் மீதான வரி’ என்ற வரிக்குக் கீழே இருப்பது தள்ளுபடி. சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கும் டி.டி.எஸ். இரண்டிலும் சேராது. பிடித்தம் என்ற பெயரும், 26ஏஎஸ் அறிக்கையில் அது உங்கள் கணக்கில் வரவாகக் காட்டப்படுவதும் குழப்பத்தை உண்டாக்கும். அது சலுகையே அல்ல, நீங்கள் முன்கூட்டிக் கட்டிய உங்கள் சொந்த வரி.

இனி கணக்குக்கு வருவோம். ஒரே பள்ளியில் வேலை பார்க்கும் மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். நிலைக் கழிவெல்லாம் போக எழுத்தருக்கு ஆண்டு வருமானம் 4,80,000 ரூபாய், ஆசிரியருக்கு 8,00,000, தலைமை ஆசிரியைக்கு 16,00,000. மூவரும் அறுபது வயதுக்கு உட்பட்டவர்கள், பழைய முறையில் வரி கட்டுபவர்கள். மூவரும் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாயை சேமநல நிதியில் போடுகிறார்கள். பழைய முறையில் முதல் இரண்டரை லட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 5 லட்சம் வரை 5 சதவீதம், 10 லட்சம் வரை 20 சதவீதம், அதற்கும் மேலே 30 சதவீதம். 4 சதவீத செஸ்ஸை எளிமைக்காக விட்டுவிடுகிறோம்.

சேமிக்காவிட்டால் ஆசிரியரின் வரி 72,500 ரூபாய். ஒரு லட்சத்தைக் கழித்ததும் வருமானம் 7 லட்சமாகி, வரி 52,500-க்கு இறங்குகிறது. மிச்சம் 20,000. தலைமை ஆசிரியைக்கு 2,92,500 ரூபாயாக இருக்கும் வரி 2,62,500 ஆகிறது. மிச்சம் 30,000. எழுத்தருக்கு வரி 11,500 வருகிறது. ஆனால் 5 லட்சத்துக்கு உட்பட்ட வருமானம் என்பதால் 87ஏ பிரிவின் தள்ளுபடி அதை முழுதாகத் துடைத்துவிடுகிறது. அவர் சேமித்தாலும் சேமிக்காவிட்டாலும் வரி பூஜ்யம்தான். சேமித்ததற்காக அவருக்குக் கிடைப்பது ஒன்றும் இல்லை.

இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். தலைமை ஆசிரியையின் ஒரு லட்சத்தில் 30,000 ரூபாயை அரசு ஏற்றுக்கொள்கிறது, அவர் கையிலிருந்து போவது 70,000. ஆசிரியர் கையிலிருந்து 80,000 போகிறது. எழுத்தர் முழு ஒரு லட்சத்தையும் தன் சம்பளத்திலிருந்தே எடுத்து வைக்கிறார். மூவரும் செய்த காரியம் ஒன்று, போட்ட தொகை ஒன்று. சேமிப்பது யாருக்கு மிகக் கடினமோ அவருக்கு அரசின் பங்கு மிகக் குறைவு. ஒரு மானியத் திட்டத்தை இப்படி வெளிப்படையாக எழுதி அறிவித்தால் எந்தச் சட்டமன்றமும் ஏற்காது. கழிவு என்ற வடிவத்துக்குள் இருப்பதால்தான் இது கண்ணில் படுவதில்லை.

இதே ஒரு லட்சத்துக்கு 20 சதவீதத் தள்ளுபடி என்று வைத்தால் ஆசிரியருக்கு அதே 20,000 கிடைக்கும். தலைமை ஆசிரியைக்கும் 20,000, அதாவது இன்றைக்குக் கிடைப்பதைவிட 10,000 குறைவு. அந்தப் பத்தாயிரத்தை விட்டுக்கொடுக்கத்தான் எங்கள் மூத்த உறுப்பினர்களைக் கேட்டோம்.

இது புதிய யோசனை அல்ல. இந்தியா இதைப் பதினைந்து ஆண்டுகள் செய்து பார்த்திருக்கிறது. 1990-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் நிதியமைச்சர் மது தண்டவதே அன்றைய 80சி கழிவை எடுத்துவிட்டு, 88-ஆம் பிரிவைக் கொண்டுவந்தார். அது சேமிப்பில் 20 சதவீதத்தை வரியிலிருந்து குறைத்தது. கழிவு முறையில் உயர்ந்த வரி விகிதத்தில் இருப்பவர்களே அதிகம் பயன்பெறுகிறார்கள் என்பதே காரணம். 2002-இல் அந்தத் தள்ளுபடி நடுத்தர வருமானத்துக்கு 15 சதவீதமாகக் குறைந்து, 5 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு நின்றுபோனது. 2005-இல் ப. சிதம்பரம் 88-ஆம் பிரிவை முடித்துவைத்து, ஒரு லட்சம் வரையிலான கழிவாக 80சி-யைத் திரும்பக் கொண்டுவந்தார். 2014-இல் அது ஒன்றரை லட்சமானது. எந்தெந்தச் சேமிப்புக்கு எவ்வளவு வரம்பு என்று பிரித்துவைத்திருந்த பழைய தொல்லை 2005-இல் ஒழிந்ததை நாங்கள் வரவேற்கிறோம். அந்த எளிமையைத் தள்ளுபடி முறையிலும் தந்திருக்க முடியும்.

எல்லாக் கழிவுகளையும் தள்ளுபடியாக மாற்றச் சொல்கிறோமா என்றால், இல்லை. கடை வாடகை கட்டித் தொழில் நடத்துபவருக்கு அந்த வாடகை கழிவாகத்தான் இருக்க வேண்டும். சம்பாதிப்பதற்காகச் செலவான பணம் அவருடைய வருமானமே அல்ல, அதை வைத்து வரி போடுவது தவறு. சம்பளக்காரர்களுக்கான நிலைக் கழிவும் அந்த வகையைச் சேர்ந்தது. சேமிப்பு அப்படி அல்ல. அது கைக்கு வந்த வருமானம், அதை என்ன செய்வது என்பது நம் விருப்பம். அந்த விருப்பத்தை ஒரு பக்கம் சாய்ப்பதற்காக அரசு தரும் ஊக்கத்தொகைதான் 80சி. செலவைக் கழிப்பதும் ஊக்கம் தருவதும் வெவ்வேறு காரியங்கள். முன்னதற்குக் கழிவு பொருந்தும், பின்னதற்குத் தள்ளுபடி.

மாற்றத்தை அவசரமாகச் செய்தால் ஒரு கூட்டத்தாருக்கு அடி விழும், அதையும் சொல்லியாக வேண்டும். 5 லட்சத்துக்குச் சற்று மேலே நிற்பவர்கள் அவர்கள். நம் எழுத்தருக்குப் பதவி உயர்வு வந்து வருமானம் 5,30,000 ஆகிறது என்று கொள்வோம். வரி 18,500. இன்றைய முறையில் அவர் 30,000 ரூபாய் சேமித்தால் வருமானம் சரியாக 5 லட்சத்துக்கு இறங்கி, 87ஏ தள்ளுபடி கிடைத்து, வரி பூஜ்யமாகிறது. 30,000 ரூபாய்ச் சேமிப்புக்கு 18,500 மிச்சம். கழிவு முறைக்குச் சாதகமான வலுவான வாதம் இதுதான். சேமிப்பைத் தள்ளுபடியாக மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டால், அவருடைய வருமானம் 5,30,000-ஆகவே நிற்கும். 87ஏ கைவிட்டுப் போகும். 18,500-இலிருந்து சேமிப்பில் 20 சதவீதமான 6,000 குறைந்து, 12,500 ரூபாய் புதிதாகக் கட்ட நேரிடும்.

ஆகவே எங்கள் கோரிக்கை இரண்டு பாகமாக இருக்கிறது, ஒன்றில்லாமல் மற்றொன்றை ஏற்க மாட்டோம். சேமிப்புத் தள்ளுபடி வரும் அதே நாளில், 87ஏ பிரிவின் 12,500 ரூபாய்த் தள்ளுபடி 6,50,000 ரூபாய் வருமானம் வரை நீள வேண்டும். அப்போது 5,30,000 வருமானக்காரர் சேமிப்புக்காக 6,000, 87ஏ-க்காக 12,500 என இன்றுபோலவே பூஜ்யத்தில் நிற்பார். 6,50,000 வருமானத்தில் ஒன்றரை லட்சம் சேமிப்பவருக்கும் இதுவே கதி. அவருடைய வரியான 42,500-இல் 30,000-மும் 12,500-மும் போய் மிச்சம் ஒன்றும் இராது. பழைய முறையில் எல்லையை ஒரு ரூபாய் தாண்டினாலே முழுத் தள்ளுபடியும் பறிபோகும் குறையும் நீங்க வேண்டும். புதிய முறையில் இதற்கு வழி இருக்கிறது. 2025-26 நிதியாண்டில் அங்கே 12 லட்சம் வரை 60,000 ரூபாய்த் தள்ளுபடி உண்டு. 12,10,000 வருமானக்காரருக்கு வரி 61,500 என்று வந்தாலும், எல்லையைத் தாண்டிய 10,000 ரூபாயோடு வரி நின்றுவிடுகிறது. அதே ஏற்பாட்டை இங்கேயும் கேட்கிறோம்.

இத்தனைக்குப் பிறகும் 4,80,000 வருமானத்தில் இருக்கும் எழுத்தருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வரியே இல்லாத இடத்தில் வரித் தள்ளுபடி என்ன செய்யும்? தள்ளுபடியின் எல்லை இது. அமெரிக்காவில் 1975 முதல் இருக்கும் உழைப்பு வருமானத் தள்ளுபடி, வரியைத் தாண்டி மிஞ்சும் தொகையைக் குடும்பத்தின் கையில் பணமாகவே தருகிறது. இங்கேயும் அதற்கு நெருங்கிய ஒரு முன்மாதிரி உண்டு. 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் முதலில் சேர்ந்த, வருமான வரி கட்டாத சந்தாதாரர்களுக்கு, அவர்கள் செலுத்தியதில் பாதியை, ஆண்டுக்கு 1,000 ரூபாய்க்கு மிகாமல் ஐந்து ஆண்டுகள் அரசு அவர்கள் கணக்கிலேயே சேர்த்தது. எங்கள் எழுத்தருக்கும் அதையே கேட்கிறோம். சேமிப்புத் தள்ளுபடியில் வரி போக மிஞ்சும் தொகையை, ஓர் உச்சவரம்புக்குள், அவருடைய சேமநல நிதிக் கணக்கில் அரசு செலுத்தட்டும். பணமாகத் தராமல் சேமிப்பிலேயே சேர்ப்பதால், சேமிப்பை ஊக்குவிக்க வேண்டும் என்ற நோக்கமும் கெடாது.

புதிய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 80சி கிடையாது என்பதால் மேற்சொன்ன மாற்றம் அவர்களைத் தொடாது. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இந்தப் பிரிவுகளின் எண்கள் மாறுகின்றன, நாங்கள் காட்டிய கணக்கு மாறுவதில்லை.

ஒரு காரியத்துக்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. வரித்துறையின் தமிழ் வெளியீடுகளிலும் அலுவலகங்கள் ஊழியர்களுக்குத் தரும் படிவங்களிலும் ‘கழிவு’, ‘தள்ளுபடி’ என்ற இரு சொற்களையும் பிரித்து எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘உங்களுக்கு மிச்சமாகும் வரி’ என்று ரூபாயில் ஒரு கட்டம் வைக்கலாம். எங்கள் கிளைகள் ஜனவரியில் சேமிப்புச் சான்றுகளை வாங்கும்போது இந்தக் கட்டத்தோடு கூடிய தாளையே இனி பயன்படுத்தும்.