கோலார்ப் பாறையும் வெள்ளியின் வறட்சியும்

கோலார் தங்கவயல் பகுதியில் பெத்தபள்ளி அருகே தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகக் காக்கப்படும் தலையணை எரிகுழம்புப் பாறைகள், ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் பசால்ட் குழம்பு நீருக்கடியில் வழிந்து, மேற்புறம் உடனே இறுகியதால் உருண்டைகளாகத் திரண்டவை. சூரிய ஒளி இன்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்த அக்காலத்திலேயே புவியில் நீர் திரவமாக நிலைத்திருந்தது என்பதற்கு அவை நேரடிச் சான்று.

அளவிலும் நிறையிலும் புவியை ஒத்த வெள்ளியின் தரையிலோ வெப்பம் 464 டிகிரி செல்சியஸ். வளியழுத்தம் புவியிலுள்ளதைப் போல் 92 மடங்கு. அவ்வளியில் 96 விழுக்காட்டுக்கு மேல் கரியமில வாயு. அந்த வாயுவே காரணம் என்று நிறுத்திக்கொள்வது விடையின் பாதியைத்தான் தரும். ஏனெனில் ஏறக்குறைய அதே அளவு கரிமம் புவியிலும் உண்டு; மழைநீரில் கரைந்த கரியமில வாயு சிலிக்கேட் பாறைகளை அரித்து, கடலில் சுண்ணாம்புக்கல்லாகப் படிந்ததால் அது பாறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ஆகவே வெள்ளியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, அங்கே நீர் எப்படி இல்லாமற்போனது என்பதே.

நீராவி நிறைந்த வளிமண்டலம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 290 வாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியேற்ற முடியாது. உட்கவரப்படும் சூரிய ஆற்றல் அந்த வரம்பைத் தாண்டினால் கடல் முழுவதும் ஆவியாகும்வரை சூடேற்றம் நிற்காது. இதுவே கட்டுமீறிய பசுங்குடில் விளைவு. பின்னர் மேல்வளியில் புற ஊதாக் கதிர் நீராவியைப் பிளக்க, இலேசான ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிவிடும். கனமான டியூட்டீரியம் அவ்வளவு எளிதில் தப்பாது. 1978-இல் வெள்ளியை அடைந்த பயோனியர் கலத்தின் அளவீடு, சாதாரண ஹைட்ரஜனோடு ஒப்பிட டியூட்டீரியம் அங்கே புவியிலுள்ளதைப் போல் நூறு மடங்குக்கு மேல் இருப்பதைக் காட்டியது. இழப்பு நிகழ்ந்ததற்கு இதைவிட உறுதியான தடயம் இல்லை.

சூரியனுக்கு அண்மை என்ற விளக்கம் மட்டும் போதாது. வெள்ளிக்குப் புவியைப் போல் 1.9 மடங்கு ஒளி கிடைத்தாலும், முகில்கள் முக்கால் பங்கைத் திருப்பிவிடுவதால் இன்று அது கவர்வது புவியைவிடக் குறைவே. தொடக்கத்தில் மெதுவாகச் சுழன்ற வெள்ளியின் பகற்புற முகில்கள் கடலைக் காத்திருக்கலாம் என்கிறது 2016-இன் ஒரு கணிப்பு. முகில்கள் இரவுப்புறத்தில் திரண்டு வெப்பத்தைச் சிறைப்படுத்தியதால் நீராவி ஒருபோதும் மழையாகவே பெய்யவில்லை என்கிறது 2021-இன் மற்றொன்று. டியூட்டீரியம் இரண்டுக்கும் ஒத்துவருவதால் அது தீர்ப்புச் சொல்லாது.

தீர்ப்பு பாறையில்தான் இருக்க வேண்டும். கோலார்ப் பட்டையின் இருபுறமும் உள்ள நைஸ் பாறைகளைப் போன்ற கிரானைட் இனம், நீர் ஏறிய பசால்ட் பகுதியாக உருகும்போது பெருமளவில் உருவாவது. வெள்ளியின் மடிப்புமேடுகள் அத்தகைய பாறையாயின் கடல் இருந்த வாதம் வலுப்பெறும். வெறும் பசால்ட்டாயின் தளரும். ரேடார் அவற்றின் வடிவத்தைத்தான் தரும். 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற இந்திய வெள்ளிச் சுற்றுகலத்தின் தரவு வரும்போது, அதை வளிமண்டல ஆய்வாளரிடம் மட்டும் விட்டுவிடாமல், தென்னிந்தியத் தொல்பாறைகளில் பயின்ற புவியியலாளர்களும் கையில் எடுக்க வேண்டும்.