கைகுலுக்கல் ஏன் மூன்று முறை? ஸ்லைடு சொல்லாமல் விடும் காரணம்

கணினி வலையமைப்புப் பாடத்தின் ஸ்லைடுகளில் ஆண்டுதோறும் மாறாமல் வரும் படம் ஒன்று உண்டு. இடப்பக்கம் கிளையன்ட், வலப்பக்கம் சர்வர் என இரண்டு செங்குத்துக் கோடுகள். அவற்றினிடையே மூன்று சாய்ந்த அம்புகள். முதல் அம்பின்மேல் சின், இரண்டாவதன்மேல் சின்-ஆக், மூன்றாவதன்மேல் ஆக். இதுவே டிசிபி நெறிமுறையின் ‘த்ரீ-வே ஹேண்ட்ஷேக்’. விளக்கமாக ஒரு தொலைபேசி உரையாடலும் சேர்க்கப்படும்: “கேட்கிறதா?”, “கேட்கிறது, அங்கே கேட்கிறதா?”, “இங்கேயும் கேட்கிறது.” தேர்வில் படத்தை வரைந்து அம்புகளுக்குப் பெயரிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

ஆனால், ‘ஏன் மூன்று? இரண்டு போதாதா?’ என்று கேட்டால் அந்தத் தொலைபேசி உவமை துணைக்கு வருவதில்லை. இரு திசைகளிலும் வழி திறந்திருக்கிறதா என்று சோதிக்கவே மூன்று என்பது வழக்கமான விடை. அந்த விடை முழுமையானதன்று. மூன்றாவது அம்பு சேர்ந்ததா என்பது அதை அனுப்பியவருக்கு அந்தக் கணத்தில் தெரியாது. அதை உறுதிசெய்ய நான்காவது வேண்டும். நான்காவதை உறுதிசெய்ய ஐந்தாவது. செய்தி தொலைந்துபோகக்கூடிய வழியில் இந்தத் தொடருக்கு முடிவே இல்லை. உறுதிப்பாடுதான் நோக்கமென்றால் மூன்றில் நிறுத்துவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

உண்மையான காரணம் வேறு. 1975ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் வரிசை எண்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி எழுதிய கட்டுரையில் அது ஆராயப்பட்டது. 1981 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 793 அதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: பழைய இணைப்பு வேண்டுகோளின் நகல் ஒன்று தாமதமாக வந்து குழப்பம் விளைவிப்பதைத் தடுப்பதே மூன்று கட்டங்களின் முதன்மை நோக்கம். பெரும்பாலான ஸ்லைடுகளில் இந்த ஒரு வாக்கியம் இடம்பெறுவதில்லை. அது இல்லாதபோது படம் வெறும் மரியாதைச் சடங்காகிவிடுகிறது.

எண்களோடு பார்த்தால் இது விளங்கும். ஓர் இணைப்பு தொடங்குவதை `tcpdump -nS` காட்டும்போது, தேவையற்ற பகுதிகளை நீக்கிவிட்டால், இவ்வாறு இருக்கும்:

```
10.0.0.5.51514 > 10.0.0.9.80: Flags [S], seq 7000
10.0.0.9.80 > 10.0.0.5.51514: Flags [S.], seq 21000, ack 7001
10.0.0.5.51514 > 10.0.0.9.80: Flags [.], ack 21001
```

கிளையன்ட் தன் தொடக்க வரிசை எண் 7000 என்கிறது. சர்வர் தன் எண் 21000 என்று கூறி, அடுத்து 7001ஐ எதிர்பார்ப்பதாகவும் சொல்கிறது. கிளையன்ட் 21001ஐ எதிர்பார்ப்பதாகச் சொல்லி முடிக்கிறது. சின் செக்மென்டும் ஒரு வரிசை எண்ணை எடுத்துக்கொள்வதால்தான் ஒவ்வொரு பக்கமும் ஒன்று கூடுகிறது. (இங்கே எண்கள் எளிமைக்காகச் சிறியவை, உண்மையில் அவை 32 பிட் எண்கள்.)

இப்போது, இந்த இணைப்பின் தொடக்கத்தில் அனுப்பப்பட்ட முதல் சின் வழியில் எங்கோ ஒரு ரவுட்டரின் வரிசையில் சிக்கிக்கொண்டதாகக் கொள்வோம். பதில் வராததால் கிளையன்ட் அதே சின்னை மீண்டும் அனுப்பியது, அது சேர்ந்தது, இணைப்பு உருவானது. கிளையன்ட் 7001 என்னும் எண்ணில் தேர்வுக் கட்டணம் செலுத்தும் கட்டளையை அனுப்பியது. அந்தக் கட்டளைக்கும் வழியில் ஒரு நகல் உண்டாகித் தேங்கியது. வேலை முடிந்தது, சர்வர் அந்த இணைப்பை மறந்தது, கிளையன்ட் கணினியும் அணைக்கப்பட்டு மீண்டும் இயக்கப்பட்டது. அதற்குப் பின், தேங்கிக் கிடந்த பழைய சின்னும் அதைத் தொடர்ந்து பழைய கட்டளையும் சர்வரை வந்தடைகின்றன. இது கற்பனையான அச்சமன்று. ஒரு செக்மென்ட் வலையமைப்பில் 2 நிமிடம் வரை உயிரோடிருக்கலாம் என்று கொண்டே டிசிபி வடிவமைக்கப்பட்டது.

கைகுலுக்கல் இரண்டு கட்டங்களோடு முடிவதாக இருந்தால் என்ன நடக்கும்? பழைய சின்னைக் கண்ட சர்வர் அதைப் புது வேண்டுகோள் என்றே கருதும். அதைப் பழையதென்று கண்டறிய அதனிடம் எந்தத் தடயமும் இல்லை. ஒப்புதலை அனுப்பியவுடன் இணைப்பு திறந்துவிட்டதாக முடிவு செய்யும். பின்னால் வரும் 7001ஆம் எண் கட்டளை அது எதிர்பார்த்த எண்ணோடு சரியாகப் பொருந்தும். கட்டணம் இரண்டாம் முறையும் செலுத்தப்படும். கிளையன்டுக்கோ இது எதுவும் தெரியாது.

மூன்று கட்டங்கள் இருக்கும்போது கதை மாறுகிறது. பழைய சின்னுக்குப் பதிலாக சர்வர் ஒரு புதிய தொடக்க எண்ணை, 40000 என்று வைத்துக்கொள்வோம், அனுப்புகிறது. ஆனால், இணைப்பு திறந்ததாக இன்னும் கருதவில்லை. 40001 என்ற ஒப்புகைக்காகக் காத்திருக்கிறது. பழைய கட்டளையின் நகல் வருகிறது. அதன் வரிசை எண் பொருந்துகிறது. ஆனால் அது சுமந்து வரும் ஒப்புகை எண் பழைய இணைப்பின் 21001. சர்வர் அதை ஏற்பதில்லை. மறுபுறம், தான் கேட்காத ஒன்றுக்கு ஒப்புதல் வந்ததைக் கண்ட கிளையன்ட் ரீசெட் அனுப்புகிறது. சர்வர் அந்த அரைகுறை இணைப்பைக் கைவிடுகிறது.

மூன்றாவது அம்பின் பொருள் இதுவே. அது ‘எனக்கும் கேட்கிறது’ என்னும் உபசாரமன்று. ‘நீ இப்போதுதான் தேர்ந்தெடுத்த எண்ணை நான் கண்டேன்’ என்பதற்கான சான்று. இறந்தகாலத்திலிருந்து வரும் எந்த நகலும் அந்த எண்ணை அறிந்திருக்க முடியாது. ஆகவேதான் தொடக்க எண் ஒவ்வொரு முறையும் மாறவேண்டும். ஆர்எஃப்சி 793 அதை ஏறத்தாழ 4 மைக்ரோநொடிக்கு ஒருமுறை கூடும் ஒரு கடிகாரத்திலிருந்து எடுக்கச் சொன்னது. எண்ணை முன்கூட்டியே ஊகிக்க முடிந்தால் பிறர் பெயரில் இணைப்பைத் திறந்துவிடலாம் என்பதை ராபர்ட் மோரிஸ் 1985இல் சுட்டிக்காட்டினார். அதனால் இன்றைய செயலாக்கங்களில், 2012இன் ஆர்எஃப்சி 6528 கூறுவதுபோல், அந்தக் கடிகாரத்தோடு ஓர் இரகசியச் சாவியின் ஹேஷ் மதிப்பும் கூட்டப்படுகிறது.

இங்கேதான் ஸ்லைடுகள் செய்யும் ஒரு சிறு வசதி பெரிய இழப்பாகிறது. படத்தில் இரு பக்கமும் எண்கள் 0 என்றே தொடங்குகின்றன. ஆய்வகத்தில் வயர்ஷார்க்கும், படிக்க எளிதாக இருக்கட்டும் என்று, ஒப்பீட்டு எண்களையே இயல்பாகக் காட்டுகிறது. ஆகவே டிசிபி எப்போதும் பூஜ்யத்தில்தான் எண்ணத் தொடங்குகிறது என்ற முடிவுக்கு மாணவர் வந்துவிடுகிறார். எப்போதும் பூஜ்யம் என்றால் கைகுலுக்கலுக்கு வேலையே இல்லை. இரு தரப்புக்கும் முன்பே தெரிந்த ஒன்றை ஏன் பரிமாறிக்கொள்ள வேண்டும்? வயர்ஷார்க்கில் அந்த அமைப்பை நீக்கிவிட்டு ஒரே தளத்துக்கு இருமுறை இணைப்பு ஏற்படுத்திப் பார்க்கச் சொன்னால், இந்தப் பிழை ஐந்து நிமிடத்தில் அகலும்.

நம்பகமான விநியோகமும் இதே எண்களின் மேல்தான் நிற்கிறது. டிசிபி பாக்கெட்டுகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. மேற்கண்ட இணைப்பில் கிளையன்ட் தலா 1000 பைட் கொண்ட ஐந்து செக்மென்டுகளை அனுப்புவதாகக் கொள்வோம். அவற்றின் வரிசை எண்கள் 7001, 8001, 9001, 10001, 11001. இரண்டாவது தொலைந்துவிடுகிறது. முதலாவதுக்கு ‘அடுத்து 8001 வேண்டும்’ என்ற ஒப்புகை வருகிறது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது செக்மென்டுகள் சேர்ந்தபோதும் அதே 8001தான் திரும்பத் திரும்ப வருகிறது. இடையில் உள்ள பள்ளம் நிரம்பாமல் அந்த எண் முன்னேறாது. ஒரே ஒப்புகை மூன்றுமுறை கூடுதலாக வந்ததும், அனுப்பியவர் கடிகாரம் முடியும்வரை காத்திராமல் 8001ஐ மீண்டும் அனுப்புகிறார். உடனே ஒப்புகை 12001க்குத் தாவுகிறது. ஒன்றிரண்டு செக்மென்டுகள் வழியில் இடம் மாறி வருவது இயல்பு. அதனை இழப்பென்று தவறாகக் கருதாதிருக்கவே மூன்று என்ற எல்லை. நான்காவது செக்மென்ட் தொலைந்திருந்தால் கூடுதல் ஒப்புகை ஒன்றே வந்திருக்கும். அப்போது கடிகாரத்தை நம்புவதைத் தவிர இந்த அடிப்படை முறையில் வேறு வழியில்லை.

கைகுலுக்கலின் மூன்றாவது செக்மென்ட் தொலைந்தால் இணைப்பு ஏற்படாது என்று பலர் தேர்வில் எழுதுகின்றனர். அதுவும் படத்தை மட்டும் மனனம் செய்ததன் விளைவே. கிளையன்ட் அடுத்து அனுப்பும் தரவுச் செக்மென்டும் 21001 என்ற ஒப்புகையைச் சுமந்தே செல்லும். சர்வருக்கு வேண்டிய சான்று அதிலேயே இருப்பதால் இணைப்பு நிறைவடைகிறது. கிளையன்ட் பேசாமல் காத்திருந்தால், சர்வர் தன் சின்-ஆக் செக்மென்டை மீண்டும் அனுப்பும். வேண்டப்படுவது எண் பற்றிய சான்று. மூன்றாவது அம்பு அதைக் கொண்டுவரும் பாத்திரம் மட்டுமே.

இறுதியாக, ‘நம்பகமான’ என்ற சொல்லின் எல்லையையும் ஸ்லைடு வரைந்து காட்ட வேண்டும். ஒப்புகை வந்ததென்றால், பைட்டுகள் எதிர்க்கணினியின் டிசிபியைச் சேர்ந்தன என்று மட்டுமே பொருள். அங்குள்ள செயலி அவற்றைப் படித்ததா, தரவுத்தளத்தில் எழுதியதா என்பது டிசிபிக்குத் தெரியாது. தேர்வுக் கட்டணக் கட்டளைக்கு ஒப்புகை வந்த மறுநொடியே சர்வர் செயலி நின்றுபோகலாம். ஆகவேதான் மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி, டிசிபியின் ஒப்புகையோடு நிறைவடைவதில்லை. கடிதத்துக்கான பொறுப்பை ஏற்றதாக எதிர்ச்சர்வர் `250` என்ற பதிலைத் தரும்வரை அனுப்பியவர் தன் பிரதியை வைத்துக்கொள்கிறார். முழுமையான உறுதியை இரு முனைகளில் உள்ள செயலிகளே தரமுடியும் என்று சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1984இல் வெளியான கட்டுரையில் வாதிட்டது இதைத்தான்.

பாடத்திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. ஸ்லைடில் ஓர் அம்பைக் கூட்டினால் போதும். மூன்று அம்புகளுக்கு முன், எங்கிருந்தோ தாமதமாக வரும் ஒரு பழைய சின்னைப் புள்ளிக்கோட்டில் வரையலாம். தேர்விலும், ‘படம் வரைந்து விளக்குக’ என்பதற்குப் பதிலாக, ‘7000 என்ற எண்ணுடன் பழைய சின் ஒன்று சர்வரை அடைகிறது, அடுத்து நிகழ்வதை எண்களோடு எழுதுக’ என்று கேட்கலாம். மனனத்தால் இதற்கு விடையளிக்க முடியாது. மூன்றாவது அம்பு எதற்கு என்று அறிந்தவரால் முடியும்.