விட்டுக்கொடுத்த அக்காவுக்கு சீட்டு எப்போது?

எங்கள் தெருவில் 12 பேர் சேர்ந்து குலுக்கல் சீட்டு போடுகிறார்கள். ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், சீட்டுத் தொகை 60,000. முதல் சீட்டு, பிடிப்பவருக்கு. மற்ற மாதங்களில் எவர்சில்வர் டப்பாவில் பெயர்களைப் போட்டு, ஒரு குட்டிப் பையனை எடுக்கச் சொல்வார்கள். என் அம்மாவும் அதில் ஓர் ஆள்.

போன வருஷம் மூன்றாவது மாதம் எதிர்வீட்டு அக்காவுக்கு விழுந்தது. அதே வாரம் கோடி வீட்டு அண்ணன் ஆஸ்பத்திரியில். "பாவம், அவங்களுக்குக் கொடுங்க. நான் அடுத்த மாசம் வாங்கிக்கிறேன்" என்றார் அக்கா. ஆனால், அடுத்த மாதமும் குலுக்கல்தானே? வேறு பெயர் வந்தது. அப்படியே தள்ளிப்போய் பத்தாவது மாதம்தான் பணம் கைக்கு வந்தது. நடுவில் மகளின் காலேஜ் ஃபீஸுக்கு நகையை அடகு வைத்தார். இப்போது இரண்டு வீடும் பேசிக்கொள்வதில்லை.

"பேசாம ஏலச்சீட்டா மாத்திடலாம்" என்றார் ஒருவர். அம்மா கணக்குப் போட்டுக் காட்டினார். அவசரத்தில் இருப்பவர் 12,000 தள்ளிக் கேட்டால், கையில் வருவது 48,000. தள்ளிய பணத்தில் ஆளுக்கு 1,000 கழிவு. கஷ்டத்தில் இருப்பவரின் பணத்தைத்தான் மற்றவர்கள் பிரித்துக்கொள்கிறோம்!

அதனால் இந்த வருஷம் குலுக்கலையே கொஞ்சம் மாற்றினார்கள். முதல் நாளே 11 மாதத்துக்கும் குலுக்கி, வரிசையை நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்து போட்டார்கள். யாருக்கு எந்த மாதம் என்று தெரிந்துவிட்டதால், அவசரம் வந்தால் இருவர் முறை மாற்றிக்கொண்டால் போதும். விட்டுக்கொடுப்பவருக்கு மற்றவருடைய மாதம் உறுதி.

காத்திருப்பதற்கும் ஒரு தொகை உண்டு. ஐம்பது காசு வட்டிக் கணக்கில் மாதம் 300 ரூபாய். மூன்றாவது மாதத்தைக் கொடுத்துவிட்டு பத்தாவது மாதத்தை எடுத்தால், ஏழு மாதத்துக்கு 2,100. முன்னால் வாங்குபவர் அதை அன்றே கொடுத்துவிட வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் ஒரு விதி. வாட்ஸ்அப் குரூப்பில் கேட்கக் கூடாது. சீட்டு பிடிப்பவர் தனியாகக் கேட்பார். அந்த மாதக்காரர் 'முடியாது' என்றால் காரணம் சொல்லத் தேவையில்லை. அடுத்த மாதக்காரரிடம் போவார்கள். பத்துப் பேர் முன்னால் கேட்டால், தன் வீட்டிலும் ஃபீஸ் கட்ட வேண்டியவர் எப்படி மறுப்பார்?

கடைசியாக ஜாமீன். முன்னால் வாங்கியவர் பிறகு கட்டாமல் நின்றால், பின்னால் இருப்பவர்களின் பணம்தான் போகும். தெருச் சீட்டுகள் பெரும்பாலும் பதிவு செய்யாதவை என்பதால், கேஸ் போட்டு வாங்குவதும் கஷ்டம். எனவே இன்னும் சீட்டு எடுக்காத ஒருவர் ஜாமீன் கையெழுத்து போட வேண்டும். பாக்கி விழுந்தால் அவருடைய சீட்டில் பிடிப்பார்கள்.

இந்தத் தடவை அக்காவுக்கு விழுந்திருப்பது ஆறாவது மாதம். "யாராவது கேட்டா கொடுப்பீங்களா?" என்றேன்.

"ஃபீஸ் கட்டின மாசமா இருந்தா கொடுப்பேன். இல்லன்னா மாட்டேன்" என்றார், தயங்காமல்.