கிரிப்டோவுக்கு ‘நேற்று’ எப்போ முடியுது?

போன செமஸ்டர்ல ஒரு ராத்திரி, எங்க ஹாஸ்டல் ரூம்ல ரெண்டு பேருக்குள்ள பெரிய சண்டை. ரெண்டு பேரும் பார்த்தது ஒரே பிட்காயின், போட்டது ஒரே ஃபார்முலா. ஆனா ஒருத்தன் “இப்போ வாங்கணும்டா”ன்னான், இன்னொருத்தன் “லூசா நீ, விக்கணும்”ன்னான். ரெண்டு பேர் கணக்கையும் வாங்கிச் சரிபார்த்தேன். கூட்டல், வகுத்தல் எதிலும் தப்பே இல்லை. அப்புறம் எப்படி ரெண்டு விடை? அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை.

அவங்க போட்டது பிவட் பாயின்ட். தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷத்தில் சொல்லிடுறேன். நேற்றைய உச்ச விலை H, தாழ்ந்த விலை L, முடிவு விலை C. மூன்றின் சராசரிதான் P, அதாவது பிவட். அதிலிருந்து மேலே ரெண்டு கோடு, கீழே ரெண்டு கோடு.

```
P  = (H + L + C) / 3
R1 = 2P - L      S1 = 2P - H
R2 = P + (H - L) S2 = P - (H - L)
```

விலை P-க்கு மேலே இருந்தா இன்றைக்கு வாங்குறவங்க கை ஓங்கியிருக்கு. R1, R2 பக்கம் போனால் விற்பனை வரலாம். S1, S2 பக்கம் இறங்கினால் வாங்க ஆள் வரலாம். இப்படித்தான் படிப்பாங்க. எட்டாங்கிளாஸ் கணக்குதான். அதனாலதான் எல்லாருக்கும் பிடிக்குது.

இந்த ஃபார்முலா பிறந்த இடத்தைக் கொஞ்சம் யோசிங்க. கம்ப்யூட்டர் வராத காலத்தில், தரையில் நின்று கத்தி வியாபாரம் செய்த டிரேடர்கள் காலையில் மணி அடிக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டில் போட்டு வைத்துக்கொண்ட கணக்கு இது. அவங்களுக்கு ‘நேற்று’ என்பதில் சந்தேகமே கிடையாது. சாயங்காலம் மணி அடிச்சது, சந்தை மூடுச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போனாங்க. நம்ம என்எஸ்இ-யும் அப்படித்தான்: காலை 9.15-க்குத் திறந்து மதியம் 3.30-க்கு மூடும். அந்த C-க்கு ஒரு அர்த்தம் இருக்கு. ராத்திரி முழுக்க பொசிஷனை வைத்துக்கொண்டு தூங்கலாமா வேண்டாமா என்று ஆயிரக்கணக்கானவங்க முடிவெடுத்த விலை அது.

கிரிப்டோவில் மணியே அடிக்காது. சனி, ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எல்லா நாளும் 24 மணி நேரமும் ஓடும். ஆனால் ஃபார்முலா C கேட்குதே? அதனால எங்கேயோ ஒரு கோடு கிழிச்சாகணும். பெரும்பாலான எக்ஸ்சேஞ்சும் சார்ட்டும் கிழித்த கோடு யுடிசி நேரப்படி நள்ளிரவு 00:00. நம்ம கடிகாரத்தில் அது விடியற்காலை 5.30. நீங்க குறட்டை விட்டுக்கிட்டு இருக்கும்போது பிட்காயினுக்கு ‘நேற்று’ முடிஞ்சு ‘இன்று’ பிறக்குது. அந்த நிமிஷத்தில் யாரும் கடையை மூடலை. ஒரு மெழுகுவர்த்தி முடிஞ்சு அடுத்தது தொடங்கினதுதான் நடந்தது.

இப்போ அந்த ரெண்டு பேரோட சண்டைக்கு வருவோம். புரியுறதுக்காக எண்களை முழுசாக்கித் தர்றேன். முதலாமவன் யுடிசி நாளை எடுத்தான், அதாவது செவ்வாய் காலை 5.30 முதல் புதன் காலை 5.30 வரை. உச்சம் 61,800 டாலர், தாழ்வு 59,400, முடிவு 61,200. P = 60,800, R1 = 62,200.

ரெண்டாமவன் “நம்ம ஊர் நாள்தானே நமக்கு நாள்”னு செவ்வாய் நள்ளிரவு 12 முதல் புதன் நள்ளிரவு 12 வரை எடுத்தான். தாழ்வு அதே 59,400. ஆனா 61,800 என்ற உச்சம் வந்தது புதன் அதிகாலை 1.30 மணிக்கு, அமெரிக்கப் பங்குச் சந்தை மூடுற நேரத்தில். அது அவன் நாளுக்குள்ளேயே வரலை. அவனுக்கு உச்சம் 61,100, நள்ளிரவு விலை 60,700. P = 60,400, R1 = 61,400.

R1-இல் மட்டும் 800 டாலர் வித்தியாசம். காலை 5.30-க்கு விலை 61,200. முதலாமவன் பார்வையில் விலை P-க்கு மேலே தெம்பா நிக்குது, R1-க்கு இன்னும் 1,000 டாலர் இடம் இருக்கு, அதனால வாங்கணும். ரெண்டாமவன் பார்வையில் ராத்திரியே R1-ஐத் தாண்டிப் பார்த்துட்டு நிக்க முடியாம திரும்பி வந்துடுச்சு, அதனால விக்கணும். சந்தை ஒண்ணுதான். ‘நேற்று’தான் ரெண்டு.

இதில் யார் சரி? என் கருத்து: முதலாமவன். ஆனால் யுடிசி-க்கு ஏதோ இயற்கை சக்தி இருக்கு என்பதால் இல்லை. இந்தக் கோடுகளுக்கு ஏதாவது பலம் இருந்தா, அது நிறைய பேர் அதே இடத்தில் அதே கோட்டைப் பார்க்கிறதால மட்டும்தான் வர முடியும். டிரேடிங்வியூவில் `Pivot Points Standard` போட்டால் பிட்காயினுக்கு வருவது யுடிசி நாளின் கோடு. சார்ட்டின் நேர மண்டலத்தைச் சென்னை நேரத்துக்கு மாத்தினாலும் கீழே தெரியும் கடிகாரம்தான் மாறும். நாள் எங்கே வெட்டப்படுது என்பது மாறாது. ஆளில்லாத பஸ் ஸ்டாப்பில் தனியா நின்று பஸ்ஸை எதிர்பார்க்கிற மாதிரிதான் நம்ம ஊர் நள்ளிரவுக் கோடு.

“சும்மா சொல்லாதே, நிரூபி”ன்னு கேட்பீங்க. கேட்கணும், இஞ்சினியரிங் படிக்கிறோம். பைனான்ஸின் பொது ஏபிஐ-யில் நாளை எங்கே வெட்டணும்னு நீங்களே சொல்லலாம்:

```
/api/v3/klines?symbol=BTCUSDT&interval=1d&limit=500
/api/v3/klines?symbol=BTCUSDT&interval=1d&limit=500&timeZone=05:30
```

முதல் வரி யுடிசி நாள், ரெண்டாவது நம்ம நாள். ரெண்டிலும் பிவட் போட்டு, விலை R1-ஐத் தொட்ட பிறகு அடுத்த ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை திரும்புச்சு, எத்தனை தடவை தாண்டிப் போச்சுன்னு எண்ணுங்க (இதுக்கு மணி நேர மெழுகுவர்த்திகளும் வேணும்). ரெண்டு எண்ணிக்கையும் ஒரே மாதிரி வந்தா, யுடிசி கோட்டுக்குத் தனி மரியாதை கிடையாதுன்னு அர்த்தம். என் கருத்தும் அப்போ அவுட். ஒரு எச்சரிக்கை: வர்ற பட்டியலின் கடைசி வரிசை இன்னும் முடியாத இன்றைய மெழுகுவர்த்தி. அதை ‘நேற்று’ன்னு எடுத்தா எதிர்காலத்தைப் பார்த்து பரீட்சை எழுதின கதைதான்.

இதைவிடப் பெரிய முட்டாள்தனம் நான் பண்ணியிருக்கேன், சொல்லிடுறேன். முதல் மாசம் முழுக்க ஆப்பில் தெரியுற `24h High`, `24h Low` எண்களை எடுத்து, அப்போதைய விலையை C-ன்னு போட்டுக் கணக்குப் பண்ணினேன். அந்த 24 மணி நேரம் உருண்டுகிட்டே இருக்கும். காலை பத்து மணிக்குப் பார்த்தா நேற்று பத்து மணியிலிருந்து, மதியம் ரெண்டு மணிக்குப் பார்த்தா நேற்று ரெண்டு மணியிலிருந்து. விலை ஏறினா C ஏறும், P-யும் ஏறும். கோடு நாய்க்குட்டி மாதிரி என் கூடவே நடந்து வந்துச்சு. “ஆஹா, விலை பிவட்டை விட்டு விலகவே மாட்டேங்குதே”ன்னு நான் சிலிர்த்தது இன்னமும் ஞாபகம் இருக்கு. உங்க கோடு சரியா இல்லையான்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: காலை ஆறு மணிக்கு எழுதி வச்ச P, ராத்திரி பத்து மணிக்கும் அதே எண்ணா இருக்கணும். இல்லைன்னா அது பிவட் இல்லை.

சரியான கோடே போட்டாலும் எல்லா நாளும் உதவாது. ஃபார்முலாவை மறுபடி பாருங்க: P-யிலிருந்து R2 வரை உள்ள தூரம் நேற்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளியேதான். அதாவது நேற்று எவ்வளவு ஆடிச்சோ அதை வைத்து இன்றைக்கு ஒரு ஸ்கேல் செய்யுறீங்க. ஞாயிற்றுக்கிழமை சந்தை தூங்கி வழிஞ்சு 600 டாலர்தான் ஆடிச்சுன்னா, திங்கட்கிழமைக் கோடுகள் எல்லாம் நெருக்கியடிச்சு நிக்கும். திங்கள் வழக்கம் போல 2,000 டாலர் ஆடினா R1, R2 ரெண்டையும் ஸ்பீட் பிரேக்கரில் நிக்காத டவுன் பஸ் மாதிரி தாண்டிடும். “ரெசிஸ்டன்ஸ் வந்தாச்சு”ன்னு வித்தவன் கதி அதோகதி. நேர்மாறா, நேற்று 6,000 டாலர் அடிச்சுப் புரண்டிருந்தா இன்றைக்கு விலை R1 பக்கமே எட்டிப் பார்க்காது. நான் வச்சிருக்கிற விதி இதுதான்: நேற்றைய இடைவெளி, கடந்த 14 நாள் சராசரியில் பாதிக்குக் கீழேயோ ரெண்டு மடங்குக்கு மேலேயோ இருந்தா அன்றைக்குக் கோடே போடுறதில்லை.

கடைசியா காசு. இதைத்தான் யூடியூப் அண்ணன்கள் வசதியா மறந்துடுறாங்க. முதலாமவன் சொன்னபடி 10,000 ரூபாய்க்கு 61,200-இல் வாங்கி R1-ஆன 62,200-இல் விற்கிறீங்க. லாபம் சுமார் 163 ரூபாய். P உடைஞ்சா வெளியேறணும்னு 60,700-இல் ஸ்டாப் போட்டா, தோற்றால் நஷ்டம் 82 ரூபாய். கிட்டத்தட்ட ஒண்ணுக்கு ரெண்டு, புத்தகத்தில் போடுற மாதிரி அழகான டிரேட். இப்படி பத்து டிரேடில் நாலு ஜெயிச்சு ஆறு தோத்தீங்கன்னு வைங்க. வரவு 652, செலவு 492. கையில் 160 ரூபாய்.

இல்லை. 2022 ஏப்ரல் முதல் இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி, செஸ் சேர்த்து 31.2. நஷ்டத்தை லாபத்தில் கழிக்க முடியாது. அதனால வரி உங்க 160-க்கு இல்லை, 652-க்கு. 203 ரூபாய். சந்தையில் ஜெயிச்ச நீங்க 43 ரூபாய் நஷ்டத்தில் நிக்குறீங்க. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் வாங்க, விற்க தலா 0.1 சதவீதம்னு வச்சாலே பத்து டிரேடுக்கு இன்னொரு 200 ரூபாய் போகும். அதுக்கு மேல 2022 ஜூலை முதல் ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் டிடிஎஸ். பத்து விற்பனைக்குச் சுமார் 1,000 ரூபாய். அது வரிக்கணக்கில் ஈடாகும், ரிட்டர்ன் தாக்கல் பண்ணினா மீதி திரும்பியும் வரும். ஆனா அதுவரை உங்க முதலில் பத்தில் ஒரு பங்கு அங்கேதான் தூங்கும்.

அதனால என் பக்கம் இதுதான். பிவட் பொய் இல்லை, யுடிசி நாளை வச்சு ஒழுங்கா போட்டா இன்றைய விலை நேற்றோட ஒப்பிடும்போது எங்கே நிக்குதுன்னு காட்டுற நல்ல அளவுகோல். ஆனா மெஸ் பில் காசை வச்சு P-க்கும் R1-க்கும் நடுவில் ஓடியாடுற ஒரு ஸ்பாட் டிரேடருக்கு, அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிற இடம் பத்தாது. எங்க ரூம் சண்டையில் ‘சரியா’ கோடு போட்டவன் இப்பவும் தினம் காலையில் போடுறான். டிரேட் பண்றதை நிறுத்திட்டான். அந்த 500 நாள் எண்ணிக்கையை இப்போ மினி பிராஜெக்ட்டா எடுத்திருக்கான், ரெண்டாமவன்தான் டீம்மேட்.