நோட்டு அடிச்சா என்ன தப்பு? 1923 ஜெர்மனி சொல்லும் கணக்கு

"கவர்மென்ட்கிட்ட காசு இல்லன்னா நோட்டு அடிச்சுக்க வேண்டியதுதானே?" நம்ம வீடியோக்களுக்குக் கீழே அடிக்கடி வரும் கேள்வி இது. அடிக்கலாம். ஆனா அதுவும் ஒரு வரிதான். அதை அதிகமாகக் கட்டுறது மாசச் சம்பளக்காரங்க என்பது என் கருத்து.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு நாட்டு மக்கள் கையில் இருக்கும் நோட்டு எல்லாம் சேர்த்தா 100 ரொட்டி வாங்கலாம்னு வச்சுக்கோங்க. அரசுக்கு 10 ரொட்டி வேணும். நோட்டை சுமார் 10% கூட அடிச்சா கிடைச்சிடும். விலையும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். உங்க பர்ஸில் இருந்து யாரும் எதையும் எடுக்கல, ஆனா அதன் மதிப்பில் ஒரு பங்கு போயிடுச்சு. அரசுக்குக் கிடைக்கும் இந்த வருமானத்துக்குப் பெயர் செனியோரேஜ்.

பொருளாதாரம் வளரும்போது மக்களுக்கு நோட்டும் கூடுதலாகத் தேவைப்படும். அந்த அளவுக்கு அடிச்சா பிரச்சினை இல்லை. அதைத் தாண்டினா மக்கள் உஷாராகி, காசு வந்த உடனே பொருளா மாத்திடுவாங்க. இப்போ எல்லார் கையிலும் சேர்த்து 20 ரொட்டிக்கான நோட்டுதான் இருக்கு. அரசுக்கோ அதே 10 ரொட்டி வேணும். அதுக்கு நோட்டை இரட்டிப்பாக்கணும்! விலை இன்னும் ஏறும், மக்கள் இன்னும் வேகமா ஓடுவாங்க. சுழல் இதுதான்.

1923 ஜனவரியில் பிரான்ஸும் பெல்ஜியமும் ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியைப் பிடித்தன. அங்கே வேலைக்குப் போகாமல் எதிர்ப்புக் காட்டிய தொழிலாளர்களுக்கு ஜெர்மன் அரசே படியளந்தது. வரிப்பணம் போதவில்லை. அரசு கொடுத்த கடன் பத்திரத்தை வாங்கிக்கொண்டு மத்திய வங்கியான ரைஷ்பேங்க் நோட்டு அடித்துக் கொடுத்தது.

அடுத்த அடி வரியில் விழுந்தது. வரி விதிக்கும் நாளுக்கும் பணம் கஜானாவுக்கு வரும் நாளுக்கும் நடுவில் சில வாரங்கள் போனாலே அந்தப் பணம் செல்லாக்காசு ஆகிவிடும். அதனால் பற்றாக்குறை கூடியது, நோட்டும் கூடியது. போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். சம்பளத்தை தினமும் கொடுக்க வேண்டிய நிலை. வாங்கிய கையோடு கடைக்கு ஓடினார்கள்.

அந்த நவம்பரில் ரென்டன்மார்க் என்ற புது நோட்டு வந்தது. ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு புது மார்க். பலரும் இதை 12 சைபரை வெட்டிய மேஜிக்னு நினைக்கிறாங்க. என் பார்வையில் மேஜிக் அது இல்லை. புது நோட்டுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அரசின் பத்திரத்தை வாங்கி நோட்டு கொடுப்பதை ரைஷ்பேங்க் நிறுத்தியது. அரசு ஊழியர்கள் லட்சக்கணக்கில் குறைக்கப்பட்டார்கள். பற்றாக்குறைக்குப் பணம் வரும் குழாயை மூடியதால்தான் விலை நின்றது.

அதனால் அடுத்த தடவை ஏதாவது ஒரு நாட்டில் விலை எகிறுதுன்னு செய்தி வந்தா, "எவ்வளவு நோட்டு அடிச்சாங்க?" என்பதோடு நிறுத்தாதீங்க. "அரசோட தினசரிச் செலவுக்கு யார் காசு கொடுக்கிறாங்க?" என்றும் கேளுங்க. மத்திய வங்கிதான் என்று பதில் வந்தா, விலை இன்னும் ஏற இடம் இருக்குன்னு அர்த்தம்.