பாத்திமாவுக்கு F-ஆ, P-ஆ?

ஓ.எல். எழுதுற வயசு வந்தா அடையாள அட்டைக்கான போம் கைக்கு வந்திடும். தமிழ்ல பேர் எழுதுறதுல சிக்கல் இல்ல. பிறப்புச் சான்றிதழைப் பார்த்து அப்படியே எழுதிடலாம். இங்கிலீஷ்ல எழுதுற இடத்துலதான் பேனா நிக்கும். சான்றிதழ்ல பேர் பெரும்பாலும் இங்கிலீஷ்ல இருக்காது. அப்போ அந்த வரியை நிரப்புறது யார்? பக்கத்துல இருக்கிற கூட்டாளி, வகுப்பு டீச்சர், கொமியூனிகேஷன் கடையில டைப் பண்ற நானா. அந்த நேரத்துல யாருக்கு எது சரி எண்டு படுதோ அது.

இந்த முடிவை வீட்டுக்கு வெளியே யாரும் எடுக்கக்கூடாது என்பதுதான் என்னோட கட்சி. தமிழ்ல இருக்கிற பேரை இங்கிலீஷ்ல எழுதுறதை நாம ஒரு மொழிபெயர்ப்பு மாதிரி நினைக்கிறோம். நல்லா இங்கிலீஷ் தெரிஞ்சவர் எழுதினா சரியா வரும் எண்டு நம்புறோம். ஆனா ‘சரி’ எண்டு ஒண்டு அங்க கிடையவே கிடையாது. அது ஒரு தெரிவு. ஒருதரம் தெரிவு செய்யணும், அதுக்குப் பிறகு சாகும்வரைக்கும் பார்த்து எழுதணும்.

வாப்பா, உம்மா காலத்துல இது இவ்வளவு பெரிய விஷயமா இருக்கல்ல. 1972ல ஆரம்பிச்ச பழைய லெமினேட் அடையாள அட்டையில பேர் இங்கிலீஷ்ல கிடையாது. வெளிநாடு போறவங்க மட்டும் பாஸ்போட் எடுக்கும்போது முதல்தடவையா இங்கிலீஷ் எழுத்தைச் சந்திச்சாங்க. 2017ல வந்த புது அட்டையில சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூண்டுலயும் பேர் இருக்கு. ஆக இப்போ பதினைஞ்சு, பதினாறு வயசுலயே அந்தத் தெரிவு அச்சாகிடுது.

ஒரு பேரை எடுத்துப் பார்ப்போம். கற்பனைப் பேர்தான், ஆனா குறிஞ்சிப்பிட்டியில எந்த வீட்டுலயும் இருக்கக்கூடியது: முஹம்மது காசிம் பாத்திமா ரிஸ்னா. முதல் ரெண்டு சொல் வாப்பாட பேர், கடைசி ரெண்டும் புள்ளையோடது.

முஹம்மது எண்டதை Mohamed, Mohammed, Muhammad, Mohamad எண்டு நாலு விதமா நம்ம ஊர்லயே பார்க்கலாம். காசிம் எண்டதுக்கு Kasim, Kassim, Casim, Cassim. பாத்திமாவுக்கு Fathima, Fatima, Pathima. ரிஸ்னாவுக்கு Rizna, Risna. பெருக்கிப் பாருங்க: 4 × 4 × 3 × 2. ஒரே புள்ளைக்கு 96 பேர். இந்தத் தொண்ணூற்றாறையும் சத்தமா வாசிச்சா எல்லாம் கிட்டத்தட்ட ஒண்டுதான். காது எல்லாத்தையும் பாஸ் பண்ணிடும். கம்ப்யூட்டர் பண்ணாது.

இது ஏன் நடக்குது? தமிழ்ல F சத்தத்துக்கும் Z சத்தத்துக்கும் தனி எழுத்து இல்ல. ‘ஃப’ போட்டு எழுதலாம்தான், ஆனா பதிவாளர் கையெழுத்துல பெரும்பாலும் ‘பாத்திமா’ எண்டே விழுந்திருக்கும். ‘ஸ’ எண்ட ஒரு எழுத்து S, Z ரெண்டு வேலையையும் பார்க்குது. சிங்களத்துல கதை வேற. அங்க F-க்கு தனி எழுத்து உண்டு, Z-க்கு இல்ல. அதனால ஒரு புள்ளையைத் தமிழ்லயும் அடுத்ததைச் சிங்களத்துலயும் பதிஞ்ச வீடா இருந்தா, சான்றிதழைப் பார்த்து எழுதுற ஒருத்தர் அக்காவை P-யிலயும் தங்கச்சியை F-லயும் எழுதுவார். அவர் மேல பிழை சொல்லவும் ஏலாது. முன்னால இருந்த எழுத்தைத்தான் அவர் எழுதினார்.

நம்ம பேர்கள்ல இன்னொரு வேடிக்கையும் இருக்கு. அரபியில இருந்து வந்த பேர், தமிழ் வழியா இங்கிலீஷுக்குப் போய், கடைசியில வேலைக்காகத் திரும்ப அரபு நாட்டுக்கே போகுது. அரபியில P எழுத்தே கிடையாது. Pathima எண்டு பாஸ்போட் கொண்டுபோனா, அங்க உள்ளவர் அதை B சத்தத்துலதான் அரபியில எழுதுவார். Z-ஐ S ஆக்கினா இன்னும் மோசம். ஸாஹிரா எண்டா மலர்ச்சியானவள், ஒளிர்பவள் எண்டு அர்த்தம். பள்ளிக்கூடப் பேரா எல்லாருக்கும் தெரிஞ்ச Zahira அதுதான். அதையே Sahira எண்டு எழுதிக் குடுத்தா, அரபி தெரிஞ்சவர் அதைத் தூக்கமில்லாதவள் எண்டு எடுக்கலாம், சூனியக்காரி எண்டும் எடுக்கலாம்.

அதனால, இன்னும் எந்த ஆவணமும் இங்கிலீஷ்ல எடுக்காத புள்ளைக்கு F, Z வர்ற இடத்துல அதையே போடுங்க எண்டு சொல்வேன். ஆனா ஏற்கனவே Pathima எண்டு அட்டை, சான்றிதழ் எல்லாம் வந்திருந்தா Pathima-வாகவே இருக்கட்டும். அதைப் பார்த்துச் சிரிக்கிற படிச்ச ஆக்கள் நம்ம ஊர்ல நிறைய. “இது பிழை, F போடு” எண்டு ஏ.எல். போம்ல திருத்திக் குடுப்பாங்க. அந்த உதவிதான் பெரிய ஆபத்து. எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கிற ‘பிழையான’ பேர், ரெண்டு விதமா இருக்கிற ‘சரியான’ பேரை விட ஆயிரம் மடங்கு நல்லது.

கிரிக்கெட்டைப் பாருங்க. Muttiah Muralitharan. முத்தையாவுல உள்ள ‘த்த’வுக்கு tt, முரளிதரன்ல உள்ள ‘த’வுக்கு th. ஒரே ஆள், ஒரே எழுத்து, ரெண்டு முறை. அவுஸ்திரேலியாவும் இலங்கையும் விளையாடுற டெஸ்ட் தொடரின் கிண்ணத்துல Warne–Muralidaran எண்டு மூணாவதா ஒரு d வேற. அவருக்குப் பரவாயில்ல, முகத்தைப் பார்த்தாலே உலகத்துக்குத் தெரியும். நமக்கு முகத்துக்கு முதல் பேர்தான் போய்ச் சேருது.

இனிஷலுக்கு வருவோம். போம்கள்ல முழுப்பெயர் ஒரு இடத்துல, முதலெழுத்துகளுடன் பெயர் இன்னொரு இடத்துல கேட்பாங்க. நம்ம பக்கத்துல இனிஷலைத் தமிழ்ல எழுதினாலும் இங்கிலீஷ் எழுத்தைத்தான் எழுதுறோம். மு.கா.பா. எண்டு எழுதுறதில்ல, எம்.கே.எப். எண்டு எழுதுறோம். அதனால ஸ்பெல்லிங் மாறினா தமிழ்லயும் ஆள் மாறிடுவார். மேல சொன்ன ரிஸ்னா, எழுதுறவரைப் பொறுத்து எம்.கே.எப்., எம்.சீ.எப்., எம்.கே.பீ., எம்.சீ.பீ. எண்டு நாலு பேர் ஆகிடுவா.

இடைவெளி இன்னும் பொல்லாதது. அப்துல் காதர் எண்ட பேரை Abdul Cader எண்டு பிரிச்சா ரெண்டு இனிஷல், Abdulcader எண்டு சேர்த்தா ஒண்டு. கொழும்பு ஸாஹிராவின் அதிபரா 1948 தொடக்கம் 1961 வரைக்கும் இருந்த ஏ.எம்.ஏ. அஸீஸை எல்லாருக்கும் தெரியும். அபூபக்கர் எண்டது அவருக்கு ஒரே ஏ. ஆனா அப்துல் அஸீஸைப் பிரிச்சு, அப்துலை இனிஷல் ஆக்கி, அஸீஸைப் பேரா வச்சிருக்கார். ரெண்டும் அரபியில கூட்டுப் பேர்கள்தான். ஒண்டைச் சேர்த்ததுக்கும் மற்றதைப் பிரிச்சதுக்கும் இலக்கணக் காரணம் தேடவேணாம். தெரிவுதான். ஆனா எங்கயும் ஏ.எம்.ஏ. அஸீஸ் எண்டே இருந்தது. அதுதான் முக்கியம்.

பாஸ்போட்ல இனிஷல் உதவாது, எல்லாம் விரிஞ்சு வரணும். அங்க இன்னொரு தெரிவு காத்திருக்கு: குடும்பப் பெயர் எண்ட கட்டத்துல எந்தச் சொல், மற்றப் பெயர்கள் எண்ட கட்டத்துல எந்தச் சொல்? நமக்குக் குடும்பப் பெயர் எண்டு ஒண்டு இல்ல, வாப்பாட பேர்தான் இருக்கு. பாஸ்போட்டின் அடியில மெஷின் வாசிக்கிற ரெண்டு வரி இருக்கே, அதுல ரெண்டு அம்புக்குறி சேர்ந்து வர்ற இடத்துக்கு முன்னால உள்ளது குடும்பப் பெயர், பின்னால உள்ளது மற்றது. ரிஸ்னாவை இப்படியும் எழுதலாம், அப்படியும் எழுதலாம்:

```
MOHAMED<KASIM<<FATHIMA<RIZNA
RIZNA<<MOHAMED<KASIM<FATHIMA
```

ஒரு எழுத்துக்கூட மாறல்ல. ஆனா முதலாவதுல டிக்கட் போட்டா அவ ‘மிஸ் முஹம்மது காசிம்’. ரெண்டாவதுல ‘மிஸ் ரிஸ்னா’, அவட சொந்தப் பேரா முஹம்மது நிக்கும். எனக்குப் பிடிச்சது முதலாவது. வாப்பாட பேர் ஒரு பக்கம், புள்ளைட பேர் ஒரு பக்கம் எண்டு அது உள்ளதை உள்ளபடி சொல்லுது. எதை எடுத்தாலும், விசா போமும் டிக்கட்டும் அந்தப் பாஸ்போட்டைப் பார்த்தே நிரப்பப்படணும். வாப்பாட பேரையே விட்டுட்டு ஒத்தைச் சொல்லா வைக்கிற புது ஸ்டைல் வேண்டாம். 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போட்ல ஒரே ஒரு சொல் மட்டும் பேரா உள்ள ஆக்களை விசிட் விசாவுல விடமாட்டோம் எண்டு விமான நிறுவனங்களுக்கு அறிவிச்சது ஞாபகம் இருக்கும்.

“அரசாங்கமே த-வுக்கு இது, ட-வுக்கு இது எண்டு ஒரு அட்டவணை போட்டா முடிஞ்சுதே” எண்டு கேட்கலாம். 2020 ஜூன்ல தமிழ்நாட்டுல ஊர்ப் பேர்களுக்கு அப்படிச் செஞ்சு பார்த்தாங்க. 1,018 ஊர். Coimbatore போய் Koyampuththoor வந்தது. ஜனங்கள் சிரிச்ச சிரிப்புல கிட்டத்தட்ட ஒரு கிழமைக்குள்ள வாபஸ். ஊருக்கே இந்த நிலைமை எண்டா, ஏற்கனவே பத்து ஆவணத்துல அச்சான ஆளுக்கு அட்டவணை என்ன செய்யும்? வாப்பாட பாஸ்போட்ல Cassim எண்டு இருக்கும்போது, அட்டவணைப்படி புள்ளைக்கு Kaasim எண்டு எழுதினா வாப்பாவும் புள்ளையும் வேற வேற குடும்பம் ஆகிடுவாங்க. இங்கயிருந்துதான் தொடங்கணும்: வாப்பாட பேரை வாப்பாட ஆவணத்துல இருந்து எழுத்துக்கு எழுத்து எடுக்கணும். சகோதரங்களுக்கும் அதே ஸ்பெல்லிங். சொந்தப் பேருக்கு மட்டும்தான் நம்ம தெரிவு.

ஏற்கனவே கலைஞ்சு போயிருந்தா? எல்லா ஆவணத்தையும் எடுத்துப் பாயில பரப்பி வைங்க. பேரை வாசிக்கவேணாம். ஒருத்தர் M, O, H எண்டு எழுத்தெழுத்தாச் சொல்ல, மற்றவர் அடுத்த ஆவணத்துல விரலை வச்சுக்கொண்டு வரட்டும். இடைவெளி வர்ற இடத்துல “ஸ்பேஸ்” எண்டு வாய்விட்டுச் சொல்லணும். வித்தியாசம் பிடிபட்டா, எதை மாத்துறது கஷ்டமோ அதை வச்சுக்கொண்டு மற்றதை அதுக்குப் பொருத்துங்க. பரீட்சைச் சான்றிதழை மாத்துறதை விட, இன்னும் எடுக்காத பாஸ்போட்டை அதுக்கேற்ற மாதிரி எடுக்கிறது லேசு. சமாதான நீதவானுக்கு முன்னால “இந்த ரெண்டு பேரும் நான் ஒருத்தரே” எண்டு சத்தியக்கடதாசி முடிக்கிற வழியும் இருக்கு. உள்ளூர்ல பல இடத்துல அது போதும். ஆனா வெளிநாட்டுத் தூதரகமோ கம்பனியோ அதை ஏற்கத்தான் வேணும் எண்டு கட்டாயம் இல்ல, அப்படி ஏத்துக்கொண்டாலும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு அலையணும்.

தம்பி, தங்கச்சி ஒன்பதாம், பத்தாம் வகுப்புல இருந்தா இந்த வெள்ளிக்கிழமையே உட்காருங்க. ஒரு கொப்பித் தாள்ல பெரிய எழுத்துல முழுப்பேர், கீழ இனிஷலோட பேர், அதுக்குக் கீழ தமிழ்ல, சிங்களத்துல. ஒரு போட்டோ எடுத்து உம்மாட போன்லயும் போட்டு வைங்க. ஸ்கூல்ல போம் குடுக்கிற அண்டைக்கு அந்தப் புள்ள யாரையும் கேட்கவேண்டி வராது.